7,520 ரிங்கிட்டில் எது திரும்பும், எதை வேண்டாம் எனலாம்?



எஸ்பிஎம் முடிவு வந்த அடுத்த வார இறுதியில் என் அக்காள் மகள் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு தாள். தனியார் கல்லூரி ஒன்றில் கணக்கியல் டிப்ளோமா படிப்பதற்கான கட்டணப் பட்டியல் அது. கீழே கொட்டை எழுத்தில் 'பதிவு நாளில் செலுத்த வேண்டியது: 7,520 ரிங்கிட்' என்று போட்டிருந்தது.

"மாமா, நாளைக்குள்ள கட்டிட்டா பதிவுக் கட்டணம் நானூறு வெள்ளி கழிவாம். அம்மா சங்கிலியை அடகு வைக்கலாம்னு சொல்றாங்க," என்றாள்.

சங்கிலி அடகுக்கடைக்குப் போவதற்கு முன் அந்தத் தாளை ஒரு முறை வாசித்துவிடலாம் என்றேன். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பேனாவுடன் வரிவரியாகப் படித்தோம். ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் கண்டதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல வந்தேன். தொகைகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது.

அந்தத் தாளில் இருந்தவை இவை:

விண்ணப்பக் கட்டணம் – 100
பதிவுக் கட்டணம் – 400
பாதுகாப்பு வைப்புத்தொகை – 500
முதல் செமஸ்டர் கல்விக் கட்டணம் – 3,000
வளக் கட்டணம் (செமஸ்டருக்கு) – 350
மாணவர் நடவடிக்கைக் கட்டணம் (செமஸ்டருக்கு) – 50
காப்புறுதி (ஆண்டுக்கு) – 60
அறிமுக வாரத் தொகுப்பு – 180
மடிக்கணினித் தொகுப்பு – 1,900
விடுதி வைப்புத்தொகை – 600
விடுதி முதல் மாத வாடகை – 380

கூட்டிப் பார்த்தால் கணக்கு சரிதான், 7,520 வருகிறது. ஆனால் பதினொரு வரிகளும் ஒரே அச்சில், ஒரே அளவில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதால் எல்லாமே ஒரே மாதிரியான பணம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் அவற்றுள் மூன்று வகைப் பணம் கலந்திருந்தது. கட்டினால் போனது போனதுதான் என்ற பணம் ஒன்று. நிபந்தனையோடு திரும்பி வரும் பணம் இன்னொன்று. கட்டவே தேவையில்லாத பணம் மூன்றாவது.

மூன்றாவதிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இதை வேண்டாம் என்றால் என்னைச் சேர்க்க மறுப்பார்களா?' என்ற கேள்வியை எழுதினோம். மடிக்கணினிக்கு எதிரே, மிகச் சிறிய எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. தாளின் அடியில் அதே நட்சத்திரத்துக்கு 'ஆப்ஷனல்' என்று விளக்கம். விருப்பத்தின் பேரில் என்றுதான் அதற்கு அர்த்தம். அவளிடம் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருக்கிறது. விடுதிக்கும் நட்சத்திரம் இல்லை, விளக்கமும் இல்லை. ஆனால் கிள்ளானில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வரும் தூரம்தான் கல்லூரி. அறிமுக வாரத் தொகுப்பு என்றால் என்ன என்பதே தெரியவில்லை.

மறுநாள் காலை அவளே கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். புலனத்திலும் ஆலோசகர் பதில் சொல்லியிருப்பார். ஆனால் கல்லூரியின் அதிகாரப்பூர்வ முகவரியிலிருந்து வரும் பதில்தான் பின்னால் கைகொடுக்கும் என்பதால் மின்னஞ்சலே நல்லது என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது. விடுதி கட்டாயமில்லை. தொகுப்பு என்பது இரண்டு டி-சட்டை, ஒரு பை, ஒரு தண்ணீர்ப் போத்தல். அதை வாங்காமலும் அறிமுக வாரத்தில் கலந்துகொள்ளலாம். காப்புறுதி மட்டும் எல்லா மாணவருக்கும் கட்டாயம், வீட்டில் வேறு காப்புறுதி இருந்தாலும் விலக்கு இல்லை.

1,900, விடுதிக்கான 980, தொகுப்புக்கான 180. மொத்தம் 3,060 ரிங்கிட் கழிந்தது. மீதி 4,460.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'மடிக்கணினிக்கு இப்போது பணம் தர வேண்டாம், பிடிபிடிஎன் கடன் வந்ததும் அதில் கழித்துக்கொள்கிறோம்' என்று சில இடங்களில் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். பிடிபிடிஎன் உதவித்தொகை அல்ல, கடன். கழித்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு ரிங்கிட்டையும் ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா கட்டணத்தோடு படிப்பு முடிந்தபின் நீங்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கடன் பதிவு நாளன்று கையில் கிடைப்பதும் இல்லை. பதிந்து, விண்ணப்பித்து, ஒப்பந்தம் முடித்தபின்தான் வரும். முழுத் தொகை எல்லாருக்கும் கிடைக்காது, குடும்ப வருமானத்தைப் பொறுத்தே கிடைக்கும். ஆகவே முதல் நாள் பணத்தை வீட்டில்தான் புரட்ட வேண்டியிருக்கும் என்ற கணக்கிலேயே இருங்கள்.

அடுத்து, திரும்பி வரும் பணம். 'ரிஃபண்டபிள்' என்ற சொல் பாதுகாப்பு வைப்புத்தொகைக்குப் பக்கத்தில் இருந்தது. விடுதி வேண்டாம் என்று முடிவானதால் அந்த 600 ரிங்கிட் வைப்புத்தொகை எங்கள் கணக்கில் இல்லை. மிச்சம் 500 ரிங்கிட். இது கல்லூரியிடம் நாம் ஒப்படைத்து வைக்கும் பணம். நூலகப் புத்தகத்தைத் தொலைத்தாலோ, ஆய்வுக்கூடப் பொருளை உடைத்தாலோ, கட்டண பாக்கி வைத்தாலோ அதில் கழித்துக்கொள்வார்கள். மீதியைத் தர வேண்டும்.

ஆனால் அது தானாக வராது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். நான் படித்த கல்லூரியிலும் அன்று 500 ரிங்கிட் வைப்புத்தொகை வாங்கினார்கள். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, பட்டமளிப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம் கழித்துத் திடீரென்று நினைவு வந்து முகப்பிடத்தில் போய்க் கேட்டேன். படிப்பை முடித்த ஆறு மாதத்துக்குள் பாரம் நிரப்பிக் கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பணம் கல்லூரிக்கே சேரும் என்றார் அங்கிருந்தவர். மாணவர் கையேட்டில் அது அச்சாகியிருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 500 ரிங்கிட் போன வருத்தம் மட்டும் இன்றும் உண்டு.

அதனால் 'திரும்பக் கிடைக்குமா?' என்று கேட்டு, 'கிடைக்கும்' என்ற பதிலோடு நிற்காதீர்கள். எப்போது கேட்க வேண்டும், எத்தனை மாதத்துக்குள் கேட்க வேண்டும், எந்தப் பாரம், மூல ரசீது வேண்டுமா, படிப்பை இடையில் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். என் அக்காள் மகளுக்கு வந்த பதிலில், படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் ரசீதோடு விண்ணப்பிக்க வேண்டும் என்றும், இடையில் விலகுவதாக இருந்தால் 30 நாளுக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. ரசீதை ஒரு படம் எடுத்துச் சேமித்துவிட்டு, மூலத்தை எஸ்பிஎம் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைக்கச் சொன்னேன். கடையில் அச்சாகும் ரசீதுகளின் மை இரண்டு ஆண்டில் மங்கிப்போகும், படம் மங்காது.

இனி முதல் வகை, திரும்பாத பணம். விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் 'நான்-ரிஃபண்டபிள்' என்று தாளிலேயே தெளிவாக இருந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாள் வாய் திறக்காமல் இருந்தது மிகப் பெரிய வரியைப் பற்றி, அதாவது 3,000 ரிங்கிட் கல்விக் கட்டணத்தைப் பற்றி. அது திரும்புமா, திரும்பாதா?

அதற்கான பதில் கட்டணப் பட்டியலில் இருப்பது அரிது. கட்டணம் திரும்பப் பெறும் கொள்கை என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலும் மாணவர் கையேட்டின் உள்ளேயோ, சேர்க்கைக் கடிதத்தின் பின்பக்கத்திலோ கிடைக்கும். கேட்டு வாங்கினோம். அதில் இப்படி இருந்தது: செமஸ்டர் தொடங்குமுன் விலகினால் கல்விக் கட்டணம் முழுதும் திரும்பும். தொடங்கி முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் பாதி. மூன்றாம் வாரம் முதல் ஒன்றுமில்லை. வளக் கட்டணமும் நடவடிக்கைக் கட்டணமும் காப்புறுதியும் செமஸ்டர் தொடங்கிவிட்டால் திரும்பாது.

அவளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அவள் யூபியூ வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்கிற்கும் விண்ணப்பித்திருந்தாள். மெட்ரிகுலேஷனுக்கும் மனு போட்டிருந்தாள். அந்த முடிவுகள் வர இன்னும் பல வாரங்கள் இருந்தன. தனியார் கல்லூரியின் வகுப்போ இரண்டு வாரத்தில் தொடங்குகிறது. உங்களில் பலர் ஒவ்வோர் ஆண்டும் நிற்கும் இடம் இதுதான். அரசாங்க இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் தனியாரில் பதிந்துவிடுகிறோம். பிறகு அரசாங்க இடம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு கிளம்புகிறோம், கட்டிய பணம் அங்கேயே நின்றுவிடுகிறது.

கணக்கை மேசையில் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கே பதிந்தால் 400 ரிங்கிட் கழிவு. ஆனால் வகுப்பு தொடங்கி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மெட்ரிகுலேஷன் அழைப்பு வந்தால், விண்ணப்பக் கட்டணம் 100, கல்விக் கட்டணம் 3,000, வளக் கட்டணம் 350, நடவடிக்கைக் கட்டணம் 50, காப்புறுதி 60 என மொத்தம் 3,560 ரிங்கிட் போய்விடும். நானூறு ரிங்கிட்டை மிச்சம் பிடிக்க மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் பணயம் வைப்பதா என்று அவளே கேட்டாள். அதே கல்லூரியில் அடுத்த சேர்க்கை எப்போது என்று பார்த்தாள். நம் நாட்டுத் தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரே முறை சேர்க்கை என்பது குறைவு, இரண்டு மூன்று முறை திறப்பார்கள். மூன்று மாதத்தில் அடுத்தது இருந்தது. காத்திருக்கலாம் என்று முடிவெடுத்தாள்.

எல்லாருக்கும் இந்த முடிவு பொருந்தாது. உங்கள் தேர்ச்சிக்கு அரசாங்க இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று நீங்களே அறிந்திருந்தால் மூன்று மாதத்தை வீணாக்கத் தேவையில்லை. ஆனால் முடிவு எதுவானாலும், அந்த வாரக் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

விலகுவதைப் பற்றி இன்னொரு சொல். வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவது விலகல் ஆகாது. விலகல் பாரத்தைக் கொடுத்து, கல்லூரி அதைப் பெற்றுக்கொண்ட தேதியிலிருந்துதான் கணக்கு. பாரம் கொடுக்காமல் நின்றவருக்கு இரண்டாம் செமஸ்டர் கட்டணமும் பாக்கியாக ஏறிக்கொண்டிருக்கும், வைப்புத்தொகையும் அதில் கரைந்துபோகும். 'நான்தான் போகவே இல்லையே' என்ற வாதம் அப்போது எடுபடாது.

கடைசியாக, அந்தத் தாளில் இல்லாத பணம். கண்காட்சிப் பதாகையில் 'முழு டிப்ளோமா 21,000 ரிங்கிட் மட்டுமே' என்று இருந்ததாம். ஏழு செமஸ்டர், தலா 3,000 என்பது அந்தக் கணக்கு. முதல் நாளிலிருந்து சான்றிதழ் வாங்கும் நாள்வரை மொத்தம் எவ்வளவு என்று ஒரே கேள்வியாகக் கேட்கச் சொன்னேன். பதில் வந்ததும் கூட்டினோம். வளக் கட்டணம் ஏழு முறை 2,450. நடவடிக்கைக் கட்டணம் ஏழு முறை 350. காப்புறுதி மூன்று முறை 180. விண்ணப்பமும் பதிவும் 500. எம்பியூ எனப்படும் பொதுக் கல்விப் பாடங்கள் மூன்று, தலா 250 என 750. பட்டமளிப்புக் கட்டணம் 300. இவை மட்டும் 4,530 ரிங்கிட். ஆக மொத்தம் 25,530.

இதில் எம்பியூ பாடங்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது, அரசாங்கம் விதித்த கட்டாயப் பாடங்கள் அவை. ஆனால் சில கல்லூரிகள் அவற்றைக் கல்விக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிடும், சில தனியாக வாங்கும். இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது இதைப் பார்க்காவிட்டால் மலிவானது எது என்பதே தவறாகிவிடும். எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட் பெறாதவர்கள் பஹாசா கெபாங்சான் ஏ என்ற பாடத்தையும் எடுக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கு இன்னொரு பாடக் கட்டணம் கூடும். ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எடுக்க எவ்வளவு என்பதையும் கேட்டு வையுங்கள். கேட்பதால் தவறிவிடப் போவதில்லை.

கல்விக் கழிவு தருகிறோம் என்றால் அதையும் இதே கண்ணோடு வாசியுங்கள். '20 விழுக்காடு கழிவு' என்பது பெரும்பாலும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். 21,000க்கு அது 4,200 ரிங்கிட். முதல் நாளே கிடைக்காது, செமஸ்டருக்கு 600 வீதம் பிரித்துக் கழிப்பார்கள். சராசரி மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அடுத்த செமஸ்டரில் நிறுத்தலாம். இடையில் விலகினால் பெற்றதைத் திருப்பிக் கேட்கலாம். இந்த இரண்டு நிபந்தனைகளும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைக் கட்டும்போது கல்லூரியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். முகவரோ ஆலோசகரோ எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்கில் வேண்டாம். ரசீதில் ஒரே தொகையாக இல்லாமல் வரிவரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஆரம்பக் கட்டணம் 4,460' என்று மட்டும் உள்ள ரசீதை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு கழித்து 500 ரிங்கிட் வைப்புத்தொகையைக் கேட்பது சிரமம்.

எழுத்தில் ஒப்புக்கொண்ட பணத்தைத் தராமல் இழுத்தடித்தால், முதலில் கல்லூரியின் நிதிப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் உயர்கல்வி அமைச்சிடம் புகார் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயமும் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் தாள்கள் தேவை. மின்னஞ்சலும் ரசீதும் கையில் இல்லாதவருக்கு அங்கேயும் கஷ்டம்தான்.

என் அக்காள் மகளுக்கு மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. யூபியூ வழி கிடைத்த இடம் அவள் விரும்பிய துறையில் இல்லை. மூன்று மாதம் கழித்து அதே கல்லூரியில் அதே டிப்ளோமாவில் சேர்ந்தாள். 'நாளைக்குள் மட்டும்' என்று சொன்ன 400 ரிங்கிட் கழிவு அடுத்த சேர்க்கையிலும் அப்படியே இருந்தது. பதிவு நாளில் அவள் கட்டியது 4,060 ரிங்கிட். அதில் 500 அவளுக்குத் திரும்ப வேண்டிய பணம். படிப்பு முடியும் மாதத்தைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து, 'டெபாசிட் கேள்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அக்காள் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போகவில்லை.